புது போனில் ஆப் காலியாகத் திறக்கிறதா? பேக்கப்பில் எது வராது, வராததை எப்படி மீட்பது

புது ஆண்ட்ராய்டு போனை வாங்கி, பழைய கூகுள் கணக்கைப் போட்டு, பேக்கப்பை ரீஸ்டோர் செய்தாயிற்று. தொடர்பு எண்கள் வந்துவிட்டன, வால்பேப்பர்கூட அப்படியே வந்துவிட்டது, ஆப் ஐகான்களும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் ‘வரவேற்கிறோம்’ என்கிறது. இன்னொன்று லாகின் கேட்கிறது. மூன்றாவது வெள்ளைத் திரையோடு நின்றுவிடுகிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் காரணம் வேறு, தீர்வும் வேறு. தவறான தீர்வைக் கையில் எடுத்தால், மீட்கக்கூடிய தகவலும் போய்விடும்.

அதனால் மற்ற எதற்கும் முன்பாக ஒரு எச்சரிக்கை. பழைய போன் கையில் இருந்தால் அதில் எதையும் அழிக்காதீர்கள். ஃபேக்டரி ரீசெட் வேண்டாம், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ‘லாக் அவுட்’டும் வேண்டாம். கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். இப்போதைய போன்களில் உள்சேமிப்பு முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கும். ரீசெட் செய்த கணத்தில் அதைத் திறக்கும் சாவி அழிந்துவிடும். அதன்பின் எந்த டேட்டா ரெக்கவரி கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஐகான் வந்தது, உள்ளே இருந்தது ஏன் வரவில்லை

கூகுள் பேக்கப்பில் ஆப் போய் உட்கார்வதில்லை. உங்கள் போனில் என்னென்ன ஆப் இருந்தன என்ற பட்டியல்தான் போகிறது. புது போன் அந்தப் பட்டியலைப் பார்த்து பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக இறக்குகிறது. ஆப்புக்குள் இருந்த தகவல் தனிப் பொட்டலமாக வர வேண்டும். ஆப் இன்ஸ்டால் ஆனதும், நீங்கள் அதை முதன்முறை திறப்பதற்கு முன்பே, அந்தப் பொட்டலம் இறங்கி உரிய இடத்தில் வைக்கப்படும். இது வராமல் போக நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆப்பை உருவாக்கியவரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு உண்டு. அதில் இந்த ஒரு வரி இருந்தால் கூகுள் பேக்கப் அந்த ஆப்பைத் தொடாது.

```
android:allowBackup="false"
```

பாதுகாப்பு முக்கியமாகப்படும் ஆப்களில் இது சகஜம், வேண்டுமென்றே செய்வது. முழுதாகத் தடுக்காமல் குறிப்பிட்ட சில கோப்புகளை மட்டும் விலக்கி வைக்கவும் வழி இருக்கிறது. பாதித் தகவல் வந்து பாதி வராமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இரண்டாவது, அளவு. ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் இந்தத் தானியங்கி பேக்கப்பில் ஒரு ஆப்புக்கு 25 எம்.பி.தான் இடம். நூறு எம்.பி. இருந்தால் முதல் 25-ஐ எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். வரம்பைத் தாண்டினால் அந்த ஆப்பின் தகவலை அது மேலே ஏற்றாமலே விட்டுவிடும். அதை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. லாகின் டோக்கன், ரகசியக் குறியீடு போன்றவற்றை நல்ல ஆப்கள் என்கிரிப்ட் செய்துதான் வைக்கும். அந்த என்கிரிப்ஷனுக்கான சாவி ‘கீஸ்டோர்’ என்ற பகுதியில் இருக்கும். பெரும்பாலான போன்களில் அது வன்பொருளோடு பிணைந்தது. அந்தச் சாவி போனை விட்டு வெளியே வராது, பேக்கப்பிலும் போகாது, கேபிள் வழியாகவும் போகாது. ஆக, பூட்டிய பெட்டி புது வீட்டுக்கு வந்துவிட்டது, சாவி பழைய வீட்டுச் சுவரிலேயே பதிந்திருக்கிறது. நல்ல ஆப் இதைப் புரிந்துகொண்டு அமைதியாக லாகின் பக்கத்தைக் காட்டும். சரியாக எழுதப்படாத ஆப் திறந்தவுடன் மூடிக்கொள்ளும், அல்லது வெள்ளைத் திரையோடு நிற்கும்.

நான்காவது, பேக்கப் ஓடவே இல்லை. போன் சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும், யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்க வேண்டும். பொதுவாக அப்போதுதான் அது ஓடும். வீட்டில் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவிலேயே வாழ்பவர்களின் போனில் கடைசி பேக்கப் தேதி பல மாதம் பின்னால் இருக்கலாம். இன்னொன்று: போனைப் பயன்படுத்தாமல் 57 நாள் போட்டு வைத்தால் அதன் பேக்கப்பை கூகுள் அழித்துவிடலாம். உடைந்த போனை மேசை டிராயரில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் புதிது வாங்குபவர்களுக்கு இது விழுகிற அடி.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிப்பது

முதல் சோதனைக்கு போனே தேவையில்லை. அந்த ஆப்பில் உங்களுக்குக் கணக்கு உண்டா என்று யோசியுங்கள். மின்னஞ்சலோ மொபைல் எண்ணோ கொடுத்து லாகின் செய்தது நினைவிருந்தால், அதே கணக்கில் கணினி பிரவுசரிலோ வீட்டில் வேறொருவர் போனிலோ நுழைந்து பாருங்கள். அங்கே உங்கள் தகவல் தெரிந்தால் எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது, கவலையே வேண்டாம். புது போனில் லாகின் செய்தால் முடிந்தது. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மின்னஞ்சலில் ஒன்று, ‘கூகுள் மூலம் நுழை’ என்பதில் இன்னொன்று என இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தவறான வாசலில் நுழைந்தாலும் ஆப் காலியாகத்தான் தெரியும்.

சில ஆப்களில் பதிவு செய்த நினைவே இருக்காது. ஆனால் பழைய போனில் அதன் அமைப்புகள் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரி எழுதியிருக்கும், கூடவே ‘கடைசியாக ஒத்திசைத்தது’ என்று தேதியும் இருக்கும். அந்தத் தேதி நேற்றோ இன்றோ என்றால் நல்லது. ஆறு மாதம் முந்தையது என்றால் ஆறு மாதத் தகவல் பழைய போனில் மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு போனிலும் `Settings` > `Apps` போய் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து `Storage` பக்கத்தைத் திறவுங்கள். அங்கே ஆப்பின் அளவு, தகவலின் அளவு, கேஷ் அளவு என்று தனித்தனியே காட்டும். தகவலின் அளவை மட்டும் ஒப்பிடுங்கள். பழையதில் பல எம்.பி., புதியதில் சில நூறு கே.பி. என்றால் பொட்டலம் வரவே இல்லை. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆனாலும் ஆப் திறக்கவில்லை என்றால் பொட்டலம் வந்துவிட்டது, சாவிதான் இல்லை.

மூன்றாவது சோதனை, கணினியில் adb பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பழைய போனை USB டீபக்கிங்கோடு இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள். கடைசிச் சொல்லுக்குப் பதிலாக ஆப்பின் பேக்கேஜ் பெயர் வர வேண்டும். பிளே ஸ்டோரின் இணைய முகவரியில் `id=` என்பதற்குப் பின்னால் அது இருக்கும்.

```
adb shell bmgr backupnow com.example.app
```

`Success` என்று வந்தால் பேக்கப் நடக்கிறது. `Backup is not allowed` என்றால் ஆப் அனுமதிக்கவில்லை. `Size quota exceeded` என்றால் 25 எம்.பி. தாண்டிவிட்டது. நாள் முழுக்க ஊகித்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஒற்றை வரி தேவலாம்.

சாவி இல்லாத ஆப்பை என்ன செய்வது

வெள்ளைத் திரை, திறந்ததும் மூடிக்கொள்ளுதல், லாகின் செய்தால் மீண்டும் லாகின் பக்கத்துக்கே வருதல் ஆகியவை இந்த வகையின் அடையாளங்கள். எல்லோரும் முதலில் செய்வது அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்வது. பெரும்பாலும் இது உதவாது, ஏனென்றால் மறுபடி இன்ஸ்டால் ஆகும்போது அதே பழுதான பொட்டலம் பேக்கப்பிலிருந்து மறுபடி இறங்கிவிடும். நீங்கள் நான்கு தடவை செய்தாலும் நான்கு தடவையும் இறங்கும்.

சரியான வழி, புது போனில் அந்த ஆப்பின் `Storage` பக்கத்தில் `Clear storage` அழுத்துவது. சாம்சங்கில் இது `Clear data` என்று இருக்கும். வந்த பொட்டலம் அழிந்து ஆப் புத்தம் புதிதாகத் திறக்கும், அப்புறம் லாகின் செய்துகொள்ளலாம். சர்வரில் தகவல் இருக்கிறது என்று முதல் சோதனையில் உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். புது போனில்தான் செய்கிறோமா என்றும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு போனும் ஒரே மாதிரி, ஒரே வால்பேப்பரோடு அருகருகே கிடக்கும்போது கை தவறுவது சுலபம். பழைய போனைத் தள்ளி வேறு அறையில் வைத்துவிடுவது உத்தமம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொல்லை: ஆப் நன்றாகத் திறக்கிறது, லாகினும் இருக்கிறது, ஆனால் நோட்டிஃபிகேஷன் மட்டும் வருவதில்லை. நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஒவ்வொரு போனுக்கும் தனி டோக்கன் உண்டு. பழைய போனின் டோக்கனையே பேக்கப் கொண்டுவந்துவிட்டால் செய்தி பழைய முகவரிக்குத்தான் போகும். புது போனில் ஒருமுறை லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு மளிகைக் கடையின் கடன் கணக்கு

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளர் கடனையெல்லாம் ஒரு இலவச ஆப்பில் எழுதுகிறவர். லாகின் கிடையாது, கணக்கு கிடையாது, திறந்தால் எழுதலாம். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. புது போனில் கூகுள் பேக்கப்பை இறக்கினார், ஆப் வந்தது, ‘முதல் வாடிக்கையாளரைச் சேருங்கள்’ என்று பளிச்சென்று கேட்டது. நல்லவேளையாகப் பழைய போன் வீட்டில் இருந்தது.

அளவைப் பார்த்தோம். பழையதில் தகவல் 61 எம்.பி., புதியதில் 212 கே.பி. ஒரு கடன் நோட்டுக்கு 61 எம்.பி. எதற்கு? வெறும் எண்ணும் பெயரும் என்றால் ஒரு எம்.பி.கூட ஆகாது. ஆனால் அவர் மொத்த வியாபாரியின் ஒவ்வொரு பில்லையும் ஆப்புக்குள்ளேயே படம் எடுத்துச் சேர்த்திருந்தார். அந்தப் படங்கள்தான் 25 எம்.பி. வரம்பை உடைத்திருக்கின்றன. வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து அந்தக் கணக்கு மேலே போகவே இல்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய போனில் ஆப்பின் சொந்த ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்துவது. இரண்டு, புது போனை ரீசெட் செய்துவிட்டு, கூகுள் பேக்கப்புக்குப் பதிலாக இரண்டு போனையும் கேபிளால் இணைத்து நேரடியாக மாற்றுவது. நேரடி மாற்றத்தில் 25 எம்.பி. வரம்பு கிடையாது. `allowBackup` மறுத்த ஆப்களின் தகவல்கூட, ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு, சில நிறுவனங்களின் போன்களில் நேரடி மாற்றத்தில் போய்விடுகிறது. கீஸ்டோர் சாவி மட்டும் இதிலும் போகாது. பல ஆப் ஒன்றாகக் காலியாகியிருந்தால் இரண்டாவது வழியே நல்லது. இவருக்கு ஒரே ஒரு ஆப்தான் சிக்கல், அதனால் முதல் வழி.

ஆப்பின் அமைப்புகளில் இரண்டு பொத்தான்கள் இருந்தன: எக்செல் கோப்பாக எடுப்பது ஒன்று, பேக்கப் கோப்பு எடுப்பது இன்னொன்று. எக்செல் மனிதர் படிக்க, பேக்கப் கோப்பு ஆப் படிக்க. எக்செலை மட்டும் எடுத்திருந்தால் ஆப்புக்குள் திரும்பச் சேர்க்க வழி இருந்திருக்காது, பில் படங்களும் வந்திருக்காது. இரண்டையும் எடுத்தோம், எக்செல் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால். பேக்கப் கோப்பை கேபிள் போட்டு மாற்றினோம். போகிற வழியில் கோப்பின் அளவையும் பார்த்துக்கொண்டோம். 60 எம்.பி.யை ஒட்டி இருந்ததால் படங்களும் உள்ளே இருக்கின்றன என்று தெரிந்தது. அரை எம்.பி. என்று வந்திருந்தால் படம் விடுபட்டிருக்கிறது என்று அங்கேயே நின்றிருப்போம்.

புது போனில் இறக்குமதி ஆனதும் ‘முடிந்தது’ என்ற செய்தியை மட்டும் நம்பவில்லை. மூன்றைச் சரிபார்த்தோம். மொத்த நிலுவைத் தொகை இரண்டு போனிலும் ஒன்றா, கடைசியாக எழுதிய வரவு இருக்கிறதா, பழைய பில் படம் ஒன்றைத் தொட்டால் பெரிதாகத் திறக்கிறதா. கடைசிச் சோதனையை விடவே கூடாது. சில ஆப்களில் சின்னப் படம் தெரியும், தொட்டால் கோப்பு இல்லை என்று சொல்லும்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் கூகுளின் பொது பேக்கப்பை நம்பியிருப்பதில்லை, தனக்கென்று தனி பேக்கப் வைத்திருக்கிறது. பழைய போனில் `Settings` > `Chats` > `Chat backup` போய், எந்த கூகுள் கணக்கு, கடைசி பேக்கப் எப்போது என்று பாருங்கள். 2024-இலிருந்து இந்த பேக்கப் உங்கள் கூகுள் கணக்கின் இடத்தில் சேர்த்து எண்ணப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. போட்டோக்களால் நிரம்பியிருந்தால் வாட்ஸ்அப் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருக்கும். அதே பக்கத்தில் வீடியோவைச் சேர்க்கும் தேர்வு அணைந்திருந்தால் வீடியோக்கள் வராது.

புது போனில் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்பே அந்த கூகுள் கணக்கு போனில் சேர்ந்திருக்க வேண்டும். எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும். இவை பொருந்தினால்தான் ரீஸ்டோர் செய்யவா என்று கேட்கும், அதுவும் தொடக்கத்தில் ஒரே தடவை. அவசரத்தில் `Skip` அழுத்திவிட்டால் உடனே அன்இன்ஸ்டால் செய்து மறுபடி தொடங்குங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், இரவில் ஓடும் புது பேக்கப் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடக்கூடும். மேலே சொன்ன ‘மறு இன்ஸ்டால் உதவாது’ என்பதற்கு வாட்ஸ்அப் விதிவிலக்கு, கவனித்திருப்பீர்கள்.

பேக்கப்புக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் போட்டவர்கள் அப்போது வைத்த கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ கொடுத்தாக வேண்டும். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலேயே மீட்டுத் தர முடியாது. ஆனால் பழைய போனில் ஆப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் போய் கடவுச்சொல்லை மாற்றி, புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிடலாம். புது போனில் எண்ணைப் பதிவு செய்த கணத்தில் பழையதில் வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகிவிடும் என்பதால், அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

யு.பி.ஐ., ஆதென்டிகேட்டர், சிக்னல்

இந்த மூன்றும் கூகுள் பேக்கப் வந்த பிறகும் பொதுவாகக் காலியாகத்தான் திறக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் யு.பி.ஐ. ஆப்கள் போனையும் சிம்மையும் சேர்த்துப் பிணைத்து வைக்கின்றன. அதனால் பேக்கப்பை மட்டும் திருடி இன்னொரு போனில் ஏற்றினாலும் உங்கள் பணத்தைத் தொட முடியாது. புது போனில் வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மைப் போட்டு, பதிவின்போது அந்த சிம்மையே தேர்ந்தெடுங்கள். ஆப் அதிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். இந்த எஸ்.எம்.எஸ்.தான் பலருக்குத் தகராறு. ரீசார்ஜ் முடிந்த சிம்மில் உள்ளே வரும் ஓ.டி.பி. வந்தாலும் வெளியே செய்தி போகாது, ஆப்பும் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லும். யு.பி.ஐ. லைட்டில் பணம் போட்டு வைத்திருந்தால் சிம்மைக் கழற்றுவதற்கு முன் பழைய போனிலேயே லைட்டை மூடிவிடுங்கள், பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். போன் மாற்றிய முதல் நாளில் பரிமாற்ற வரம்பு குறைவாக இருக்கலாம். பெரிய தொகை கட்ட வேண்டிய நாளில் போன் மாற்றாதீர்கள்.

லாகினுக்கான இரண்டாம் கட்டக் குறியீட்டைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் காலியாக இருந்தால் மற்ற கணக்குகளுக்குள் நுழையவும் முடியாமல் போகும், அதனால் இதை முதலில் மாற்றுங்கள். கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி உண்டு. ஆப்புக்குள் அந்தக் கணக்கோடு நுழைந்திருந்தால்தான் அது நடக்கும். கணக்கில்லாமல் பயன்படுத்தியிருந்தால் பழைய போனில் `Transfer accounts` > `Export accounts` போய், வரும் க்யூஆர் கோட்டைப் புது போனால் ஸ்கேன் செய்யுங்கள். ஏற்றுமதி செய்த பின் பழையதிலிருந்து நீக்கவா என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செய்தி அனுப்பும் ஆப்பான சிக்னலின் உரையாடல்கள் கூகுள் பேக்கப்பில் போவதில்லை. இரண்டு போனும் பக்கத்தில் இருக்கும்போது ஆப் தரும் மாற்றும் வசதியைப் பயன்படுத்துவதே எளிது. டெலிகிராம் இதற்கு நேர்மாறு, சாதாரண உரையாடல் எல்லாம் லாகின் செய்ததும் வந்துவிடும். ஆனால் அதன் ரகசிய உரையாடல்கள் தொடங்கிய போனிலேயே தங்கிவிடும், எந்த வழியிலும் வராது.

ஐபோன்காரர்களுக்கு

கதை அதேதான், பாத்திரங்கள் வேறு. ஐகிளவுட் பேக்கப்பிலும் ஆப் வராது, ஆப் ஸ்டோரிலிருந்து மறுபடி இறங்கும். ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்ட ஆப் என்றால் இறங்காமலே போகலாம். லாகின் விவரங்கள் ஆப்பிளின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் இருக்கும். ‘இந்தச் சாதனத்தில் மட்டும்’ என்று ஆப் குறித்து வைத்தவை வேறு ஐபோனுக்கு எந்த பேக்கப்பிலும் போகாது. ஃபேஸ் ஐடி, ஆப்பிள் பே அட்டைகளும் அப்படித்தான்.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணினியில் பேக்கப் எடுக்கும்போது `Encrypt local backup` என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை அமைப்புகள், உடல்நலத் தகவல், அழைப்புப் பட்டியல் எதுவும் புது போனுக்கு வராது. டிக் செய்தால் வரும். என்கிரிப்ட் என்றவுடன் குறைவாகத்தான் வரும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். அப்போது வைக்கும் கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் அந்த பேக்கப்பைத் திறக்க வழியில்லை.

திரை உடைந்த பழைய போன்

பழைய போன் கைவசம் இருந்தும் டச் வேலை செய்யவில்லை என்பது அடிக்கடி வரும் கேள்வி. படம் தெரிகிறது, தொட்டால் நகரவில்லை என்றால் ஓ.டி.ஜி. அடாப்டர் ஒன்று வாங்கி சாதாரண USB மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்து பேட்டர்னைக்கூட வரையலாம். திரையே கறுப்பு என்றால், சில விலையுயர்ந்த மாடல்களில் டைப்-சி வழியாக டிவியில் படம் கொண்டுவர முடியும். மற்றவற்றுக்கு டிஸ்ப்ளே மாற்றுவதுதான் வழி. உள்ளே இருக்கும் தகவலின் மதிப்பைப் பார்த்து அந்தச் செலவை முடிவு செய்யுங்கள். கடையில் கொடுக்கும்போது ரீசெட் செய்யக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பழைய போனை எப்போது விடுவது

புது போனில் ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பார்த்து, காலியானவற்றைத் தீர்த்த பிறகும் ஒரு மாதமாவது வைத்திருங்கள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஆப்கள் இருக்கின்றன. மின்கட்டணம், எல்.ஐ.சி., பள்ளிக் கட்டணம் போன்றவை காலியாக இருப்பது அந்தத் தேதி வந்தால்தான் தெரியும். இடையில் பழைய போனை வைஃபையில் போட்டுத் தானாக அப்டேட் ஆக விடாதீர்கள். ஏரோபிளேன் மோடில், பாதி சார்ஜில் வைத்தால் போதும்.

கொடுக்கிற நாளில் புது போனின் `Settings`-இல் மேலே உள்ள தேடும் கட்டத்தில் `Backup` என்று தேடி, இந்தப் போனின் பெயரில் பேக்கப் ஓடியிருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் அங்கேயே `Back up now` அழுத்தி முடியும்வரை காத்திருங்கள். அதன் பிறகு பழைய போனில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் நேரே ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லைத்தான் கேட்கும், அப்புறம் அவர் உங்களைத் தேடி வருவார்.